படத்தில் ஒரு முக்கோணம், பக்கத்தில் ஓர் அட்டவணை

தேர்வு நெருங்கும் வாரங்களில் பள்ளிப் பிள்ளைகளின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு வகைப் படம் தவறாமல் சுற்றும். பாதிப் பக்கத்தில் கையின் நிழல் விழுந்திருக்கும். மேலே ஒரு செங்கோண முக்கோணம். அதன் கீழேயோ அடுத்த படமாகவோ, எறும்பு வரிசைபோல எண்கள் நெருக்கி அடுக்கிய முக்கோணவியல் அட்டவணை. "இதை எப்படிப் போடுறது, யாராவது சொல்லுங்களேன்" என்று ஒரு வரி. பத்து நிமிடத்துக்குள் மூன்று பேர் மூன்று விடை அனுப்பிவிடுவார்கள்.

மூன்று பேருக்கும் சூத்திரம் தெரியும். பெருக்கலிலும் பெரும்பாலும் பிழை இருக்காது. படத்தைப் பார்த்ததில்தான் ஆளுக்கொரு விதமாகத் தடுமாறியிருப்பார்கள். செங்கோண முக்கோணக் கணக்கு உண்மையில் ஒரே ஒரு பெருக்கலோ வகுத்தலோதான். அதற்கு முன் படத்திலிருந்து சரியான மூன்று செய்திகளையும், அட்டவணையிலிருந்து சரியான நான்கு இலக்கங்களையும் எடுக்க வேண்டும். சிரமம் முழுக்க அந்த எடுப்பில்தான்.

ஒரு மாணவியின் கைப்பேசிக்கு இப்படி ஒரு படம் வந்ததாக வைத்துக்கொள்ளலாம். ஊர் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியிலிருந்து 25 மீட்டர் தள்ளி ஒருவர் நிற்கிறார். அவருடைய கண் A. கண்ணிலிருந்து கிடையாகப் போகும் கோடு தொட்டியின் தூணைத் தொடும் இடம் B. தொட்டியின் உச்சி C. B-யில் செங்கோணத்துக்கு உரிய சிறு சதுரக் குறி. A-யில் ஏற்றக் கோணம் 38° 20' என்று எழுதியிருக்கிறது. AB என்ற கோட்டின் மேல் 25 மீ. தொட்டியின் உயரம் என்ன என்பது கேள்வி.

முதல் வேலை, அந்தப் படத்தை நம்பாமல் இருப்பது. பாடப்புத்தக முக்கோணங்கள் அளவுக்கு வரையப்படுபவை அல்ல. 38° என்று எழுதிய கோணம் கண்ணுக்கு 45° போலத் தெரியும். அதைப் பக்கவாட்டில் சாய்ந்தபடி படம் பிடித்தால் செங்கோணம்கூட 80° போலச் சரிந்துவிடும், சம நீளக் கோடுகளில் கிட்டத்தில் இருப்பது நீளமாகத் தோன்றும். ஆகவே திரையின் மேல் பாகைமானி வைத்துப் பார்ப்பதில் பயனில்லை. படத்தில் செய்தி என்று சொல்லத்தக்கவை எழுதப்பட்ட எண்களும், எழுத்துகளும், செங்கோணக் குறியும் மட்டுமே. அவற்றை வைத்து ஒரு தாளில் தானே ஒரு முக்கோணம் வரைந்துகொள்வது அரை நிமிட வேலை. அப்படி வரையும்போதுதான் எது இருக்கிறது, எது விடுபட்டிருக்கிறது என்பது தெரியவரும்.

இந்தப் படத்தில் ஒன்று விடுபட்டிருக்க வாய்ப்பு உண்டு. A என்பது தரை அல்ல, கண். முக்கோணத்துக்குக் கீழே ஒரு நீள்சதுரப் பட்டை இருந்திருக்க வேண்டும். அதில் பார்ப்பவரின் கண் உயரம், சொல்லப்போனால் 1.5 மீ, எழுதியிருக்கும். அவசரமாக எடுத்த படங்களில் அடிப்பகுதி வெட்டுப்படுவது சர்வ சாதாரணம். கேள்வியில் "பார்ப்பவர்" என்று ஒருவர் இருந்து, படத்தில் அவர் உயரம் இல்லையென்றால், முழுப் பக்கத்தையும் திரும்ப அனுப்பச் சொல்லிக் கேட்பதுதான் முறை. மாணவி கேட்கிறாள். 1.5 மீ வருகிறது.

அடுத்து, எந்த விகிதம் என்ற கேள்வி. கர்ணம் எது என்பதில் குழப்பம் வராது. செங்கோணத்துக்கு எதிரே இருப்பது கர்ணம். மற்ற இரண்டு பக்கங்களுக்கும் நிலையான பெயர் கிடையாது. A-யிலிருந்து பார்த்தால் BC எதிர்ப்பக்கம், AB அடுத்துள்ள பக்கம். C-யிலிருந்து பார்த்தால் இரண்டும் இடம் மாறிவிடும். சில வினாத்தாள்களில் முக்கோணத்தை வேண்டுமென்றே சுழற்றி, கர்ணம் கீழே கிடையாகப் படுத்திருக்கும்படி வரைந்துவிடுகிறார்கள். நிற்கும் கோடு எதிர்ப்பக்கம், கிடக்கும் கோடு அடுத்துள்ள பக்கம் என்று உருவத்தை மனப்பாடம் செய்தவர் அங்கே விழுந்துவிடுவார்.

இங்கே தெரிந்தது AB, வேண்டியது BC. கர்ணம் இரண்டிலும் இல்லை. கர்ணம் இல்லாத விகிதம் டேன்ஜென்ட்தான்.

tan 38° 20' = BC / AB
BC = 25 × tan 38° 20'

இனி அட்டவணை. தமிழ்நாட்டுப் பாடப்புத்தகத்தில் இருப்பது நான்கு தசம இலக்க அட்டவணை. இடது ஓரத்தில் பாகைகள் 0 முதல் கீழ்நோக்கி இறங்கும். மேலே 0', 6', 12' என்று ஆறு ஆறு நிமிடமாக 54' வரை பத்து நிரல்கள். ஒரு பாகைக்கு அறுபது நிமிடம் என்பதால் ஒவ்வொரு நிரலும் பத்தில் ஒரு பாகை. வலது ஓரத்தில் 1' முதல் 5' வரை ஐந்து சின்ன நிரல்கள்; அதற்குச் சராசரி வித்தியாசம் என்று பெயர். 20 நிமிடத்துக்கு என்று தனி நிரல் கிடையாது. 18' நிரலில் நின்று, மீதி 2 நிமிடத்துக்கு வலது ஓரத்தைப் பார்க்க வேண்டும்.

38° வரிசை இப்படிப் போகிறது: 0.7813, 0.7841, 0.7869, 0.7898, 0.7926. நான்காவதாக நிற்பது 18'-க்கு உரியது, 0.7898. 2'-க்கு உரிய சராசரி வித்தியாசம் 9. அது கடைசி இலக்கத்தின் இடத்தில் சேர வேண்டியது, அதாவது 0.0009. கூட்டினால் 0.7907. வலது ஓரம் படத்தில் வெட்டுப்பட்டிருந்தாலும் கவலையில்லை. 18'-க்கும் 24'-க்கும் இடையே 28 ஏறியிருக்கிறது. ஆறு நிமிடத்துக்கு 28 என்றால் இரண்டு நிமிடத்துக்கு 9 சொச்சம். அச்சிட்ட சராசரி வித்தியாசமும் இந்த வகைக் கணக்கில் வந்ததுதான்.

BC = 25 × 0.7907 = 19.77 மீ. கண் உயரம் 1.5 சேர்த்தால் தொட்டியின் உயரம் 21.27 மீ.

கணக்கு முடிந்துவிட்டதுபோல் இருக்கிறது. ஆனால் அந்த 0.7898 மங்கலான படத்தில் 0.7893 என்று தெரிந்திருந்தால்? சிறிய அச்சில் 8-ம் 3-ம் இரட்டைப் பிள்ளைகள். பெரிதாக்கிப் பார்த்தால் இரண்டுமே ஒரே சாம்பல் பூச்சாகத்தான் தெரியும்.

உதவிக்கு வருவது அண்டை எண்கள். வரிசையில் அடுத்தடுத்த எண்களின் வித்தியாசத்தை எடுத்துப் பார்த்தால் 28, 28, 29, 28 என்று கிட்டத்தட்ட ஒரே சீராக நடக்கிறது. 0.7893 என்று வைத்தால் 28, 28, 24, 33 என்று நொண்டும். மங்கிய இலக்கம் 8-தான் என்று கண்ணை நம்பாமலேயே முடிவு செய்துவிடலாம். வரிசை மாறிப் படிப்பதையும் இதே முறையில் பிடிக்கலாம். படம் சாய்ந்திருந்தால் 38-ல் தொடங்கிய விரல் 18' நிரலை அடையும்போது 39-ஆம் வரிசைக்கு இறங்கியிருக்கும். அங்கே இருப்பது 0.8185. தொட்டி முக்கால் மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக வளர்ந்துவிடும். வரிசையின் முதல் எண் 0.7813 என்று தெரிந்திருக்க, மூன்று எட்டில் 372 ஏற வழியில்லை. எட்டுக்கு 28 என்றால் 85 சுற்றித்தான் ஏற முடியும்.

எண்களைவிட எண்களுக்கு இடையிலான வித்தியாசத்தை நம்புவது மிகப் பழைய உத்தி. கி.பி. 499-ல் எழுதிய ஆரியபட்டர் தம் சைன் அட்டவணையைத் தரும்போது மதிப்புகளைச் சொல்லவே இல்லை. வித்தியாசங்களை மட்டும் தருகிறார். 3° 45' இடைவெளியில் 24 எண்கள்: 225, 224, 222, 219, 215 என்று தொடங்கி, கடைசியில் 37, 22, 7 என்று தேய்ந்து முடிகின்றன. எல்லாவற்றையும் கூட்டினால் வட்டத்தின் ஆரமாக அவர் வைத்துக்கொண்ட 3438 வரும். சுவடியில் ஓர் எண் சிதைந்தாலும் சீரான அந்தத் தேய்மானம் காட்டிக்கொடுத்துவிடும்.

இதே 38° வரிசையில் இன்னொரு பொறி ஒளிந்திருக்கிறது. அதற்காகவே இந்தக் கோணத்தை எடுத்துக்கொண்டது. அட்டவணைப் படத்தில் தலைப்பு வெட்டுப்பட்டால் அது சைனா, கொசைனா, டேன்ஜென்டா என்பதை எண்களை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். 38°-க்கு டேன்ஜென்ட் 0.7813. கொசைன் 0.7880. பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. 38° 12' வரும்போது ஒன்று 0.7869, மற்றது 0.7859, பத்தாயிரத்தில் பத்துதான் வித்தியாசம். இரண்டு வளைவுகளும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் இடம் 38° 10'-ஐ ஒட்டியே இருக்கிறது. ஆகவே இந்த வரிசையில் ஓர் எண்ணை மட்டும் பார்த்து எந்த அட்டவணை என்று சொல்லவே முடியாது. நடக்கும் திசையைப் பார்த்தால் சொல்லிவிடலாம். இடமிருந்து வலமாகப் போகும்போது எண்கள் ஏறினால் டேன்ஜென்ட், இறங்கினால் கொசைன்.

இறங்குகிறது என்பதில்தான் அடுத்த வழுக்கலும். கண்ணிலிருந்து தொட்டி உச்சிக்கு நேர்கோட்டுத் தூரம், அதாவது கர்ணம் AC, வேண்டும் என்று கேட்டால் கொசைன் அட்டவணைக்குப் போக வேண்டும். 38° 18'-க்கு 0.7848, 2'-க்குச் சராசரி வித்தியாசம் 4. கை பழக்கத்தில் கூட்டி 0.7852 என்று எழுதுகிறவர்கள் ஏராளம். கோணம் கூடினால் கொசைன் குறைய வேண்டும். எனவே கழித்து 0.7844. அடுத்த நிரலில், 24'-க்குக் கீழே, 0.7837 இருக்கிறது. விடை 0.7848-க்கும் 0.7837-க்கும் நடுவில் அகப்பட வேண்டும். 0.7852 அந்த வேலிக்கு வெளியே நிற்கிறது.

AC = 25 / 0.7844 = 31.87 மீ

இப்போது மூன்று பக்கங்களும் கையில் இருப்பதால் பிதாகரஸைக் கூப்பிடலாம். 25-ன் வர்க்கம் 625, 19.77-ன் வர்க்கம் ஏறக்குறைய 390.85, மொத்தம் 1015.85. 31.87-ன் வர்க்கம் 1015.70. தசமங்களை வெட்டியதால் வந்த சின்ன வித்தியாசம் அது. தவறாகக் கூட்டியவருக்கு AC 31.84 என்று வந்திருக்கும். அதன் வர்க்கம் 1013.79. இரண்டு குறைவது வெட்டலால் வருவதல்ல. டேன்ஜென்டும் கொசைனும் வெவ்வேறு பக்கங்களிலிருந்து எடுத்த எண்கள். ஒன்றில் தப்பிய பிழை மற்றதிலும் அதே அளவில் இருக்காது. அதனால்தான் இந்தச் சரிபார்ப்புக்கு மதிப்பு.

"அட்டவணை எதற்கு, கைப்பேசியிலேயே கணக்கிடும் செயலி இருக்கிறதே" என்பவர்களுக்கும் படம் குழி பறிக்கும். 38° 20' என்பதை 38.20 என்று தட்டுவது முதல் குழி. 0.20 பாகை என்பது 12 நிமிடம், உயரம் 19.67 என்று பத்து சென்டிமீட்டர் குறைந்து வரும், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். தட்ட வேண்டியது 38 + 20/60. இரண்டாவது குழி இன்னும் நயவஞ்சகமானது. செயலி பாகையில் இல்லாமல் ரேடியனில் இருந்தால் பெரும்பாலான கோணங்களுக்கு மைனஸ் எண்ணோ ஒவ்வாத பெரிய எண்ணோ வந்து எச்சரித்துவிடும். 38.3333-க்கு மட்டும் அது 0.7356 என்று நல்ல பிள்ளைபோல ஓர் எண்ணைத் தருகிறது. உயரம் 18.39 மீ. நம்பத்தகுந்த பொய். வேலையைத் தொடங்குமுன் tan 45 என்று தட்டி 1 வருகிறதா என்று பார்ப்பவர் இதில் மாட்டமாட்டார்.

பழைய நான்கிலக்க அட்டவணைகளைப் படம் எடுத்து அனுப்பும் தாத்தாக்களும் இருக்கிறார்கள். அவற்றில் இடத்தை மிச்சப்படுத்த, தசமப் புள்ளிக்கு முன்னால் உள்ள முழு எண்ணை வரிசையின் முதல் நிரலில் மட்டும் அச்சிட்டிருப்பார்கள். 63° வரிசை 1.9626 என்று தொடங்கும். பிறகு 24' நிரலில் 9970 என்று மட்டும் இருக்கும், அது 1.9970. அடுத்த நிரலில் 0057. இதை 1.0057 என்று படித்தால் விடை பாதியாகிவிடும். நடுவழியில் முழு எண் மாறியதைக் காட்டத் தடித்த எழுத்தோ மேலே ஒரு கோடோ போட்டிருப்பார்கள். படத்தில் அந்த நுணுக்கம் கரைந்துபோயிருக்கும். சரியான மதிப்பு 2.0057. ஏறிக்கொண்டே வந்த வரிசை திடீரென்று சரிய முடியாது என்பது ஒரு துப்பு. 60°-க்கே டேன்ஜென்ட் 1.732, அதாவது மூன்றின் வர்க்கமூலம் என்பது இன்னொன்று. 63°-க்கு அதைவிடக் குறைந்து எதுவும் வரக் கூடாது. 30°, 45°, 60° ஆகியவற்றின் மதிப்புகளைப் பள்ளியில் மனப்பாடம் செய்ய வைப்பது தேர்வுக்காக மட்டுமல்ல, இப்படி வேலி போடவும் உதவும்.

டேன்ஜென்ட் அட்டவணையின் அடிப்பகுதியில் சராசரி வித்தியாசமே பயன்படாமல் போய்விடுகிறது. 85°-க்கு மதிப்பு 11.43; 85° 54' வரும்போது 13.95. ஒரே வரிசைக்குள் ஏற்றம் அவ்வளவு வேகமாக மாறுவதால், வரிசை முழுவதற்கும் ஒரே சராசரி என்பதற்குப் பொருளில்லை. அந்தப் பக்கத்தில் வலது ஓரம் காலியாக இருந்தால் படம் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம்; அச்சிலேயே காலியாக விட்டிருக்கலாம். அத்தகைய கணக்கில் முக்கோணத்தின் மறு கோணத்துக்கு மாறிக்கொள்வது நல்லது. 85° 20'-ன் மறு கோணம் 4° 40'. அங்கே எதிர்ப்பக்கமும் அடுத்துள்ள பக்கமும் இடம் மாறும், அட்டவணை சாதுவாக நடந்துகொள்ளும்.

விடையை எத்தனை தசமத்தில் எழுதுவது என்பதையும் படமே சொல்கிறது. நான்கிலக்க அட்டவணையில் உள்ள வெட்டலால் 25 மீட்டர் தூரத்துக்கு வரக்கூடிய பிழை ஒன்றிரண்டு மில்லிமீட்டர். கோணத்தை அளந்ததில் அரைப் பாகை தவறியிருந்தால் உயரத்தில் ஏறக்குறைய 35 சென்டிமீட்டர் போய்விடும். பாகைமானியில் நூல் கட்டித் தொங்கவிட்டு அளக்கும் பள்ளிச் செய்முறையில் அரைப் பாகை தவறுவது இயல்பு. 1802-ல் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து இந்திய முக்கோண அளவைப் பணியைத் தொடங்கிய வில்லியம் லாம்டன், ஏறக்குறைய அரை டன் எடையுள்ள கோணமானியை ஊர் ஊராகச் சுமந்து திரிய வைத்தது இந்தக் காரணத்தால்தான். கோணம் தப்பினால் எந்த அட்டவணையும் காப்பாற்றாது. 1808-ல் தஞ்சாவூரில் கோபுரத்தின் மேல் ஏற்றும்போது அந்தக் கருவி மோதிச் சேதமடைந்ததும், அதைச் செப்பனிட அவர் பட்ட பாடும் தனிக் கதை. நம் தொட்டிக் கணக்கில் 19.7675 என்று நான்கு தசமம் எழுதுவது வீண் பெருமை.

அட்டவணையைப் பின்னாலிருந்தும் படிக்கலாம். பக்கங்கள் தெரியும், கோணம் தெரியாது என்ற கணக்குகளில் அதுதான் வழி. கட்டட வாசல்களில் சக்கர நாற்காலி ஏறப் போடும் சாய்தளத்துக்கு 1-க்கு 12 என்பதைத் தாண்டிச் செங்குத்தாகக் கூடாது என்கின்றன இந்திய அணுகல் வழிகாட்டு நெறிகள். டேன்ஜென்ட் 1/12, அதாவது 0.0833. அட்டவணைக்குள் நுழைந்து அந்த எண்ணைத் தேடினால் 4° 42'-க்கு 0.0822, 4° 48'-க்கு 0.0840. சிறியதைப் பிடித்துக்கொண்டால் மீதி 11. சராசரி வித்தியாசத்தில் 4'-க்கு 12 என்பது நெருக்கமானது. கோணம் 4° 46'.

இப்போது 45 சென்டிமீட்டர் உயர வாசலுக்கு 3 மீட்டரில் சாய்தளம் போட்டிருப்பதாக ஒரு படம் வருகிறது. அந்த 3 மீட்டர் எந்தக் கோட்டின் மேல் எழுதியிருக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். தரையோடு போகும் கோட்டில் என்றால் டேன்ஜென்ட் 0.1500, அட்டவணை 8° 32' என்கிறது. சரிவுத் தளத்தின் மேல் என்றால் அது கர்ணம், சைன் 0.1500, கோணம் 8° 38'. எப்படிப் பார்த்தாலும் அனுமதித்த அளவைவிட மிகச் செங்குத்து. தரையில் 5.4 மீட்டர் இடம் விட்டிருக்க வேண்டும்.